தலைப்பு இருக்கிறது, கேள்வி எங்கே?

*வணக்கம் அம்மா. இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலும் இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு இரண்டாவது ஆண்டாக வழிகாட்டுகிறேன். இந்தப் பருவத்தில் ஆறு பேர். ஆறு பேரும் ‘சிங்கப்பூர் இளையர்களிடையே தமிழ்மொழிப் பயன்பாட்டில் சமூக ஊடகங்களின் தாக்கம்’ என்பதுபோன்ற தலைப்புகளோடு வந்தார்கள். “பரந்து கிடக்கிறது, சுருக்குங்கள்” என்றேன். மறுவாரம் ‘2020 முதல் 2025 வரை’ என்றும் ‘உட்லண்ட்ஸ் வட்டாரத்தை முன்வைத்து’ என்றும் ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். தலைப்பு நீண்டதே தவிர, எதைத் தேடப் போகிறோம் என்பது அவர்களுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. போன ஆண்டு பொறுமையிழந்து நானே கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டேன். எல்லா ஆய்வேடுகளும் என் குரலிலேயே வந்தன. கேள்வி கேட்பதை எப்படித்தான் கற்றுக்கொடுப்பது?*

*— ஓர் இளம் விரிவுரையாளர், ஜூரோங்*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மாணவர்கள் சொன்னபடி கேட்டவர்கள். சுருக்கச் சொன்னீர்கள், சுருக்கிவிட்டார்கள். ஊரும் ஆண்டும் சேர்த்தால் நிலத்துக்கு வேலி போட்டதாகும். கிணற்றை எங்கே வெட்டுவது என்று வேலி சொல்லாது. நானும் பல ஆண்டுகள் இதே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறை, எல்லைகள் எல்லாம் கச்சிதமாக வகுத்திருந்த ஒரு தலைப்புக்கு மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டேன். எட்டாவது வாரத்தில் அந்த மாணவர் நாற்பது பேரிடம் வாங்கிய படிவங்களோடு வந்து, “இப்போது இதை என்ன செய்வது அம்மா?” என்று கேட்டார். என்னிடமும் பதில் இல்லை. தவறு அவருடையதன்று, கையெழுத்துப் போட்டவளுடையது.

தமிழில் இந்தச் சிக்கலுக்கு இலக்கணக் காரணம் ஒன்று உண்டு. நம் ஆய்வேட்டுத் தலைப்புகள் பெயர்ச்சொல்லில் முடிகின்றன. ‘ஓர் ஆய்வு’, ‘ஒரு பார்வை’, ‘தாக்கம்’, ‘பங்கு’, ‘நிலை’. வினைமுற்று இல்லாத இடத்தில் யார் என்ன செய்கிறார் என்று சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே நான் முதல் சந்திப்பிலேயே தலைப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். “இதை வினாக்குறியோடு முடியும் ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள், வாக்கியத்தில் ஒரு வினைமுற்று இருக்க வேண்டும்” என்பதுதான் நிபந்தனை. பெரும்பாலும் “சமூக ஊடகங்கள் இளையர்களின் தமிழைப் பாதிக்கின்றனவா?” என்று வரும்.

இங்கேதான் உங்கள் மாணவர்கள் ஏற்கெனவே படித்த ஒன்று உதவும். நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. முதலில் வருவது அறிவினா: விடையைத் தெரிந்துகொண்டே, கேட்கப்படுபவருக்குத் தெரியுமா என்று சோதிப்பதற்காகக் கேட்பது. அடுத்தது அறியாவினா. மூன்றாவது ஐயவினா, பாம்பா கயிறா என்று இரண்டுக்கு நடுவே நிற்பது. கொளல், கொடை, ஏவல் ஆகிய மற்ற மூன்றும் நமக்கு இங்கே வேண்டாம். “ஊடகங்கள் தமிழைப் பாதிக்கின்றனவா?” என்று எழுதும் மாணவரிடம், “இல்லை என்ற விடை வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் திகைப்பார். பாதிக்கிறது என்று முன்பே முடிவுகட்டிவிட்டு, அதற்குச் சான்று தேடவே கிளம்பியிருக்கிறார். அது அறிவினா. ஆசிரியரும் தேர்வாளரும் கேட்கவேண்டியது. ஆய்வுக்கு வேண்டியது ஐயவினா. இரண்டு விடைகள் இருக்க வேண்டும், இரண்டும் நடக்கக்கூடியவையாக இருக்க வேண்டும், எது சரி என்பது மாணவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்க வேண்டும். தமிழ் மாணவர்களிடம் ‘ஆய்வு வினா’ என்று சொல்வதைவிட “இதை ஐயவினாவாக்குங்கள்” என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆறு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் செய்யக்கூடிய பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். எப்படியும் உங்கள் மாணவர்களில் சிலர் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் போடுவார்கள். வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. அந்த எண்களைப் பலகையில் எழுதுங்கள். “இது விடை. இதற்குரிய கேள்வி என்ன?” என்று கேளுங்கள். “தமிழ் அழிகிறதா என்பதுதான்” என்று ஒருவர் சொல்வார். விடாதீர்கள். யாருடைய விழுக்காடு? இந்தியர்களுடையதன்று. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லா இனத்துக் குடியிருப்பாளர்களும் அதில் அடக்கம். குடியிருப்பாளர் என்றால்? குடிமக்களும் நிரந்தரவாசிகளும். அப்படியானால் விடுதிகளில் தங்கி வேலை செய்யும், நாள் முழுதும் தமிழே பேசும் ஊழியர்கள் இந்த எண்ணில் இல்லை. எங்கே பேசுவது? வீட்டில். எந்த அளவுக்கு? மற்ற மொழிகளைவிட அதிகமாக. ஆக, பாட்டியிடம் தமிழிலும் மற்ற எல்லாரிடமும் ஆங்கிலத்திலும் பேசும் ஒரு பெண் இந்தக் கணக்கில் ஆங்கிலம் பேசுபவராகவே பதிவாகியிருப்பார்.

அந்த ஒரு மணி நேர முடிவில் பலகையில் ஒரு கேள்வி நிற்கும். அதன் ஒவ்வொரு சொல்லும் யாரையோ உள்ளே விடுகிறது, யாரையோ வெளியே நிறுத்துகிறது. விடை கிடைக்கக்கூடிய கேள்வி எப்படி இருக்கும் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை, அவர்களே பிரித்துப் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பக்கத்தில் அவர்களுடைய ‘தாக்கம்’ தலைப்பை எழுதினால், தாங்களாகவே சிரித்துவிடுவார்கள்.

இனி ஒரு மாணவியின் கதை. உங்கள் கடிதத்தில் உள்ள தலைப்போடுதான், கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல், அவரும் வந்தார். நான் தலைப்பை மூடிவைத்துவிட்டு, “இது உங்கள் தலைக்குள் எப்படி வந்தது? ஊடகம், இளையர் என்று பேசாமல், நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்” என்றேன். பத்து நிமிடம் கட்டுரைத் தமிழ்தான் வந்தது. பிறகு, தயங்கித் தயங்கி, வீட்டு வாட்ஸ்அப் குழுவைப் பற்றிச் சொன்னார். பாட்டி குரல்செய்தி அனுப்புவாராம். அம்மா தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவாராம். இவரும் தம்பியும் ஆங்கிலத்தில் பதில் போடுவார்களாம். “ஆனால் தம்பியைக் கேலி செய்யும்போது மட்டும் எனக்குத் தமிழ்தான் வருகிறது, ஏன் என்று தெரியவில்லை” என்றார்.

நான் பேனாவை எடுத்தது அந்த இடத்தில்தான். ‘ஏன் என்று தெரியவில்லை’ என்பது அறியாவினா. மாணவர் வாயிலிருந்து அது வரும்வரை காத்திருப்பதுதான் வழிகாட்டியின் வேலையில் கடினமான பகுதி. போன ஆண்டு நீங்கள் கேள்வியை எழுதிக் கொடுத்தது இந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாமல்தான் என்று ஊகிக்கிறேன். எனக்கும் அந்த வியாதி உண்டு. அதற்காகவே சந்திப்பின்போது காப்பி வாங்கி வைத்துக்கொள்கிறேன். வாய் சும்மா இருக்க வேண்டுமல்லவா?

முதலில் ‘தாக்கம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டோம். தாக்கம் என்று சொல்ல, ஊடகம் இல்லாதிருந்தால் இந்த இளையர்களின் தமிழ் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, கைத்தொலைபேசியே தொடாத இருபது வயதுக்காரர்களுக்கு எங்கே போவது? முப்பது நண்பர்களுக்கு இணையப் படிவம் அனுப்பி “சமூக ஊடகத்தால் உங்கள் தமிழ் குறைந்துவிட்டதா?” என்று கேட்டால் கிடைப்பது தாக்கமன்று, தாக்கத்தைப் பற்றி முப்பது பேரின் கருத்து. அதுவும் ஆய்வுக்குரியதுதான், ஆனால் அது வேறு கேள்வி. ‘பங்கு’, ‘விழிப்புணர்வு’ போன்ற சொற்களையும் இதே காரணத்துக்காக எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுத்த பிறகு வாக்கியத்தில் எதுவும் மிஞ்சவில்லையென்றால், அங்கே முதலிலேயே எதுவும் இருந்திருக்காது.

அந்த மாணவியிடம் மிஞ்சியது கேலியும் பாட்டியும். ஜோஷுவா ஃபிஷ்மன் என்ற சமூகமொழியியலாளர் 1965இல் ஒரு கட்டுரைக்குத் தலைப்பாகவே வைத்த கேள்வி உண்டு: யார், எந்த மொழியை, யாரிடம், எப்போது பேசுகிறார்? அதை ஒரு சட்டகமாகக் கொடுத்தேன். அவர் அதை வைத்துத் தன் வீட்டைப் பார்த்தார். மறுவாரம் ஓர் ஐயவினாவோடு வந்தார்: “குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எந்த மொழியில் எழுதுவது என்பதைத் தீர்மானிப்பது, யாருக்கு எழுதுகிறோம் என்பதா, எதைப் பற்றி எழுதுகிறோம் என்பதா?”

நல்ல கேள்வி. ஆளா, பொருளா? இரண்டும் நடக்கக்கூடியவை. பல வழிகாட்டிகள் இங்கே கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். அனுப்பிவிடாதீர்கள். கேள்வி நன்றாக ஒலிப்பது வேறு, விடை கிடைப்பது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்ட என்னிடம் உள்ள ஒரே கருவி வெற்று அட்டவணை. ஆய்வு முடிந்ததும் எந்த அட்டவணையைப் போடப் போகிறீர்களோ, அதை எண்கள் இல்லாமல் இன்றைக்கே வரைந்து காட்டுங்கள் என்று சொல்வது.

அவர் வரைந்தார். இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பாட்டி, அம்மா, தம்பி. மேலே குறுக்காக நலம் விசாரிப்பு, வார இறுதி ஏற்பாடு, கோயிலும் பண்டிகையும், கேலி. ஒவ்வொரு கட்டத்திலும் இவர் எழுதிய செய்திகளில் எத்தனை தமிழ், எத்தனை ஆங்கிலம், எத்தனை கலப்பு என்று வரவேண்டும். “எண்கள் எப்படி வந்தால் ஆள்தான் காரணம் என்பீர்கள்?” என்று கேட்டேன். பாட்டியின் வரிசை முழுவதும் தமிழாகவும், தம்பியின் வரிசை முழுவதும் ஆங்கிலமாகவும் இருந்தால் ஆள். ஒரே ஆளின் வரிசையிலேயே கேலியில் தமிழும் ஏற்பாட்டில் ஆங்கிலமுமாக மாறினால் பொருள். விரலால் கோடு இழுத்துக் காட்டினார். விடை வருவதற்கு முன்பே, விடை எந்த உருவில் வரும் என்று ஒரு மாணவரால் காட்ட முடிந்தால், அவரிடம் கேள்வி இருக்கிறது. அட்டவணை வரைய முடியாமல் திணறினால் இன்னும் தலைப்போடுதான் இருக்கிறார் என்று பொருள். நான் இதை ஆய்வு முன்மொழிவு எழுதுவதற்கு முன்பே கேட்கிறேன். எழுத்தில் பூசி மறைக்கலாம், கட்டத்தில் முடியாது.

அடுத்தது ஒரு வாரச் செய்திகளை வைத்து முன்னோட்டம். தன் வீட்டுக் குழு, ஒரே ஒரு வாரம், வீட்டாரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு. வாட்ஸ்அப்பில் Export chat என்று இருப்பதைத் தொட்டால் உரையாடல் முழுவதும் எழுத்துக் கோப்பாக வந்துவிடும். படங்கள் வேண்டாம் என்று ஊடகங்களைச் சேர்க்காமல் இறக்கியிருந்தார். இப்படி வந்தது:

```
12/03/2025, 20:14 - Paati: <Media omitted>
12/03/2025, 20:15 - Amma: Sari ma
12/03/2025, 20:31 - Thambi: ok paati sat can
```

முதல் வரியைப் பாருங்கள். பாட்டி ஒரு நிமிடம் பேசியிருக்கிறார், கோப்பில் ஒரு சொல்லும் இல்லை. அந்த வீட்டில் புழங்கும் தமிழில் பெரும்பகுதி இப்படித் தடம் தெரியாமல் போயிருந்தது. “பாட்டியை விடுங்கள், உங்கள் கேள்வி பேரப்பிள்ளைகள் எழுதுவதைப் பற்றித்தானே?” என்றேன். அவர் கோப்பைத் திரும்பப் பார்த்துவிட்டு, முகம் மாறிச் சொன்னார்: இவரும் பாட்டிக்குப் பல சமயம் குரலில்தான் பதில் சொல்லியிருக்கிறார். இவருக்குத் தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாது, பாட்டிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆகவே தட்டும்போது ஆங்கிலம், பேசும்போது தமிழ். ஊடகங்களை விட்டுவிட்டு எண்ணியிருந்தால் “பேரப்பிள்ளைகள் பாட்டியிடமும் ஆங்கிலமே பயன்படுத்துகிறார்கள்” என்று முடிவு வந்திருக்கும். முற்றிலும் தலைகீழான விடை, அதுவும் அழகான விளக்கப்படத்தோடு. இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரக் கோப்பே போதுமானதாக இருந்தது.

இரண்டாவது, `ok paati sat can` என்பது தமிழா, ஆங்கிலமா? ‘பாட்டி’ என்ற ஒரு சொல் இருப்பதால் கலப்பு என்று அவர் போட்டார். உறவுச்சொல்லை மட்டும் வைத்து ஒரு செய்தியைக் கலப்பு என்று கணக்கிட்டால், சிங்கப்பூரில் கலப்பில்லாத செய்தியே மிஞ்சாது என்றேன் நான். இப்படிப்பட்ட சண்டையை இரண்டு பேர் உட்கார்ந்து தீர்க்கக் கூடாது. வகுப்புத் தோழர் ஒருவரிடம், பெயர்களை மறைத்த ஐம்பது செய்திகளைக் கொடுத்துத் தனியாக வகைப்படுத்தச் சொன்னோம். எங்கெல்லாம் இருவரும் மாறுபட்டார்களோ அங்கெல்லாம் விதி தெளிவாக இல்லை என்று அர்த்தம். உறவுச்சொல்லையும் ‘லா’ போன்ற அசைகளையும் கணக்கில் சேர்ப்பதில்லை என்ற விதி அப்படித்தான் பிறந்தது. விதி எழுதியதும் கேள்வியில் இருந்த ‘மொழி’ என்ற சொல்லுக்கு முதல்முறையாக ஓர் எல்லை கிடைத்தது.

மூன்றாவதாக வந்ததுதான் முக்கியம். ஒரு வாரச் செய்திகளை அட்டவணையில் போட்டபோது, பன்னிரண்டு கட்டங்களில் பாதிக்கு மேல் காலி. பாட்டியோடு பேசியது பெரும்பாலும் சாப்பாடு, உடல்நலம். பாட்டியைக் கேலி செய்ய யாருக்குத் துணிவு வரும்? தம்பியோடு பேசியதெல்லாம் கேலியும் ஏற்பாடும். தம்பியிடம் யாரும் நலம் விசாரிக்கவில்லை, பாவம். இப்போது என்ன சொல்வது? பாட்டியிடம் தமிழ் பேசுவது பாட்டி என்பதாலா, சாப்பாட்டைப் பற்றி என்பதாலா? ஆளும் பொருளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மூன்று மாதச் செய்திகளைச் சேர்த்தாலும் அந்தக் கட்டங்கள் நிரம்பப் போவதில்லை, ஏனென்றால் அந்தக் குடும்பம் வாழும் விதமே அப்படி. அவருடைய அழகான ஐயவினாவுக்கு இந்தத் தரவில் விடை இல்லை.

மாணவி கலங்கிப்போனார். நான் அட்டவணையை அவர் பக்கம் திருப்பி வைத்து, “மேலிருந்து கீழாக மூன்று கட்டமும் நிரம்பியிருக்கும் பத்தி எது?” என்று மட்டும் கேட்டேன். வார இறுதி ஏற்பாடு. சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருவது, சாப்பாடு வீட்டிலா வெளியிலா, வரும் வழியில் தேக்காவில் என்ன வாங்கிவருவது. இதைப் பாட்டியிடமும் பேசுகிறார்கள், அம்மாவிடமும் பேசுகிறார்கள், தம்பியிடமும் பேசுகிறார்கள். பொருளை இப்படி ஒன்றாகவே நிறுத்திவைத்துவிட்டால், ஆள் மாறும்போது மொழி மாறுகிறதா என்று பார்க்கலாம். கேலியைக் கைவிட வேண்டியிருந்தது. அதுதான் அவருக்குப் பிடித்த பகுதி. வருத்தப்பட்டார்.

குழுவில் போடும் செய்தி எல்லாருக்கும்தானே, இது பாட்டிக்கு என்று எப்படித் தெரியும் என்ற கேள்வியும் எழுந்தது. எந்தச் செய்திக்கு எது பதில் என்பதை அந்த எழுத்துக் கோப்பு காட்டாது. ஆகவே ‘பாட்டி’, ‘அம்மா’ என்று பெயரோ உறவோ சொல்லி விளித்திருக்கும் செய்திகள் மட்டும் கணக்கில் வரும் என்று முடிவு செய்தோம். நிறையச் செய்திகள் இதனால் விழுந்துபோகும். போகட்டும்.

ஐந்தாவது வாரத்தில் அவர் கையில் இருந்த கேள்வி இது: “மூன்று தலைமுறையினர் உள்ள நான்கு குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில், வார இறுதிச் சந்திப்பு ஏற்பாடு குறித்து 18 முதல் 25 வயதுவரையுள்ள பேரப்பிள்ளைகள் அனுப்பும் செய்திகளில், தாத்தா பாட்டியை விளிக்கும்போதும், பெற்றோரை விளிக்கும்போதும், உடன்பிறந்தோரை விளிக்கும்போதும் மொழியும் வடிவமும் மாறுகின்றனவா? மாறினால் எப்படி?” வடிவம் என்றால் தட்டியதா, பேசியதா என்பது. இது அவர் தொடங்கிய இடத்தில் எங்குமே இல்லை. குரல்செய்தி காணாமல் போனதால் கேள்விக்குள் நுழைந்தது.

உங்கள் மாணவர்கள் ஒட்டிக்கொண்டு வந்த உட்லண்ட்ஸையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் கேள்வியிலும் எல்லைகள் உண்டு, உங்களுடையதைவிட அதிகமாகவே உண்டு. ஆனால் ஒவ்வோர் எல்லையும் ஏன் அங்கே நிற்கிறது என்று மாணவியால் சொல்ல முடியும். ஏற்பாடு ஏன்? மற்ற பத்திகளில் கட்டங்கள் காலி. விளித்த செய்திகள் மட்டும் ஏன்? மற்றவை யாருக்கு என்று தெரியாது. “உட்லண்ட்ஸ் ஏன்?” என்று உங்கள் மாணவரைக் கேளுங்கள். என் வீடு அங்கே இருக்கிறது என்பார்.

இந்தக் கேள்வியால் சொல்ல முடியாததையும் அப்போதே எழுதவைத்தேன். சிங்கப்பூர் இளையர்களைப் பற்றி இது எதுவும் சொல்லாது, நான்கு குடும்பங்களைப் பற்றித்தான் சொல்லும். தமிழ் வளர்கிறதா, தேய்கிறதா என்றும் சொல்லாது. மாற்றத்தைக் காட்ட வெவ்வேறு காலங்களின் தரவு வேண்டும், இதில் ஒரே காலம்தான். தன் செய்திகள் ஆய்வுக்குப் போகின்றன என்று தெரிந்தவர் கொஞ்சம் கூடுதலாகத் தமிழ் எழுதக்கூடும். அதனால் அனுமதி கேட்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்ட செய்திகளைத்தான் எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தோம்.

அனுமதி என்றதும் நேரக் கணக்கைச் சொல்லவேண்டும். மனிதர்களிடமிருந்து தரவு எடுத்தால் பல்கலைக்கழகத்தின் அறநெறி மறுஆய்வுக் குழுவிடம் போக வேண்டியிருக்கும், அதற்கு வாரங்கள் ஆகும். முன்னோட்டத்துக்கே ஒப்புதல் வேண்டுமா என்பதை உங்கள் துறையில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டும், தராதவரின் வரிகளை நீக்கிவிட வேண்டும். ஒரு சித்தப்பா மறுத்ததால் ஒரு குடும்பத்தையே கைவிட்டு வேறு குடும்பம் தேடினார் இந்த மாணவி. வயதில் மிக இளையவர்களைச் சேர்த்தால் பெற்றோர் ஒப்புதல் என்ற இன்னொரு அடுக்கும் வரும், எந்த வயதுவரை என்பதைக் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிகளுக்குள் போய் மாணவர்களிடம் தரவு எடுக்க விரும்பினால் கல்வி அமைச்சின் அனுமதியும் தேவைப்படலாம். ஒரே பருவத்தில் முடிக்கவேண்டிய ஆய்வேட்டுக்கு அதை நான் ஊக்குவிப்பதில்லை. நேரம் போதாத கேள்வியும் விடையில்லாத கேள்விதான்.

ஆறு பேருக்கும் இப்படி மனத்தில் உறுத்தல் இருக்கும் என்று சொல்ல முடியாது. இருவர் மூவர், என்ன கேட்டாலும் “எதுவானாலும் சரி அம்மா” என்பார்கள். அவர்களுக்குக் கேள்வியைக் கொடுக்காதீர்கள், பொருளைக் கொடுங்கள். நான் தமிழ் முரசின் பழைய இதழ்களில் ஒரே ஒரு மாதத்தைக் கொடுத்து, “விளம்பரங்களை மட்டும் படித்துவிட்டு, உங்களுக்கு விளங்காத மூன்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள்” என்று அனுப்புவேன். 1935இல் தொடங்கிய பத்திரிகை, எந்தப் பத்தாண்டில் கைவைத்தாலும் ஏதாவது இடறும். இடறிய இடத்தை ஐயவினாவாக்குவதும் வெற்று அட்டவணை வரைவதும் மேலே சொன்னபடிதான். பழைய இதழ்களுக்கு யாரிடமும் ஒப்புதல் கேட்கவேண்டியதில்லை என்பது உபரி வசதி.

அளவுக்கு மீறிச் சுருங்கிவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடையாளம் எளிது: ஒரே இடத்தில் ஒருமுறை தேடி விடையைப் பெற்றுவிட முடியுமானால் அது தகவல், ஆய்வு வினாவன்று. ‘இந்தக் குழுவில் மார்ச் மாதம் எத்தனை தமிழ்ச் செய்திகள்?’ என்பதற்கு எண்ணினாலே போதும். அட்டவணையில் ஒரே ஒரு கட்டம் மட்டும் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. ஒப்பிட இன்னொரு கட்டமாவது வேண்டும்.

அடுத்த சந்திப்புக்கு ஆறு பேரையும் ஆய்வு முன்மொழிவு எழுதிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். ஒரு பக்கத்தில் வெற்று அட்டவணையும், மறுபக்கத்தில் அந்த அட்டவணையில் போடக்கூடிய இருபது உண்மையான தரவுகளும் கொண்டுவரச் சொல்லுங்கள். செய்தியோ விளம்பரமோ கவிதை வரியோ, எதுவாகவும் இருக்கட்டும். இருபதையும் உங்கள் கண்முன் பென்சிலால் கட்டங்களில் போடட்டும். எங்கே கை தயங்குகிறதோ அங்கே நிறுத்தி, “ஏன் தயங்கினீர்கள்?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேசாதீர்கள். காப்பி உங்கள் செலவு.